ஆபீசர் குரல்

போன வாரம் ஒரு மத்தியானம், வாசல் கேட்டில் மாட்டியிருக்கும் தபால் பெட்டியின் தகர மூடி காற்றில் தூக்கி விழுந்தது. டக். அவ்வளவுதான். என் வலது கை தானாக எழுந்து இல்லாத ஒரு பிளக்கைத் தேடியது. வாய் தானாகத் திறந்து, 'நம்பர் ப்ளீஸ்' என்றது. வீட்டில் யாருமில்லை. எனக்கே எரிச்சலாக வந்தது. விருப்ப ஓய்வு வாங்கி வந்த பிறகும் அந்தக் குரல் என்னை விட்டுப் போகவில்லை. வாடகைக்கு வந்து குடியேறிக்கொண்டு, காலி செய்ய மாட்டேன் என்கிற குரல்.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, குளிர்ந்த அறைகளில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் குரல் பயிற்சி நடக்கிறதாமே. எந்த ஊர் என்று தெரியாத மாதிரிப் பேசச் சொல்கிறார்களாமே. பேசுங்கள். சம்பளம் தருகிறவன் கேட்கும் குரலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எப்படிப் பேசுவது என்று சொல்லித் தர ஆள் இருக்கிறது. எப்படிக் கேட்பது என்று சொல்லித் தர யாரும் வர மாட்டார்கள். எனக்கும் வரவில்லை. அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். அப்போது போனில் சுழற்ற எண் வட்டமே கிடையாது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் பலகையில் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். யார் கூப்பிடுகிறார்கள் என்று அதில் தெரியும். கயிற்று முனையிலுள்ள பிளக்கைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இணைத்து விடுவோம். நாங்கள் கொடுத்தால்தான் பேச்சு. கயிற்றை உருவினால் பேச்சு இல்லை. ஊரின் வாயும் காதும் எங்கள் விரல் நுனியில் இருந்தன.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் திருச்சியில் பயிற்சி. பயிற்சி கொடுத்த அம்மா கையில் ஒரு பென்சில் வைத்திருப்பார். நான் 'வூட்டு நம்பரு' என்றால் மேசையில் ஒரு தட்டு. 'கொரலு' என்றால் ஒரு தட்டு. 'அவுங்க' என்றால் ஒரு தட்டு. கோபமே பட மாட்டார். சிரித்த முகத்தோடு தட்டுவார். அந்தப் பென்சில் என் அப்பனைத் தட்டியது, ஆத்தாளைத் தட்டியது, வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட எங்கள் தெருவையே தட்டியது. பயிற்சி முடிந்தபோது என் வாயிலிருந்து எங்கள் தெரு மொத்தமும் வெளியேறியிருந்தது. 'அருமை, நீ எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே முடியாது' என்று பாராட்டினார். பாராட்டு என்றுதான் நானும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போவேன். ஞாயிறு சாயங்காலம் பெரம்பலூரில் பஸ் ஏறும்போது, 'செத்த நவுந்து ஒக்காருங்கக்கா' என்பேன். குன்னம் தாண்டும்போது வாய் மெல்ல மாறத் தொடங்கும். அரியலூரில் இறங்கும்போது, 'கொஞ்சம் வழி விடறீங்களா' என்று கேட்பேன். அதே அக்கா, அதே இருக்கை. அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறியவள் வேறு, இறங்குகிறவள் வேறு. நடுவில் ஓடிய வயலும் பனையும் இதை யாரிடமும் சொல்லவில்லை.

எக்ஸ்சேஞ்சில் முகம் தெரியாது. வேட்டியா, கால்சட்டையா, காலில் செருப்பு உண்டா, தெரியாது. குரல் ஒன்றுதான். ஆகவே அங்கே எல்லாரும் சமம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எத்தனை பெரிய ஏமாளி நான். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் குரலையே உடம்பாக ஆக்கி, அதன் தோலின் நிறம் பார்க்கிறார்கள் மனிதர்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வசதியுள்ளவர் 'ஹலோ' என்பார். பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பது ஒரு சொத்து. நாம் பேசுவோம், நாம் காத்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். இல்லாதவர் எடுத்ததும் கத்துவார். தூரத்தில் இருக்கிறவளுக்குக் கேட்க வேண்டுமே. வேகமாகப் பேசுவார், எந்த நிமிஷமும் பிடுங்கிவிடுவார்களே. யார் வேண்டும் என்று சொல்வதற்கு முன், ஏன் வேண்டும் என்று சொல்வார். எதையும் காரணம் சொல்லிக் கேட்டே பழகிய வாய் அது. அதிகாரி 'கொடுங்க' என்பார். கூலிக்காரர் 'குடுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்' என்பார். அந்தப் 'புண்ணியம்' காதில் விழுந்ததுமே எங்கள் விரல்கள் மெதுவாகிவிடும். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படித்தான் பழக்கப்படுத்தப்பட்டிருந்தோம். பழக்கம் என்பது கெட்டதைவிடக் கெட்டது.

இதில் படிப்பு, ஆங்கிலம், சுத்தத் தமிழ் என்றெல்லாம் ஏமாந்துவிடாதீர்கள். உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவர் தினம் கூப்பிடுவார். 'ஏம்மா, வூட்டுக்கு ஒரு போனப் போடு. சோறு ஆக்கிட்டாளுவளான்னு கேக்கணும்' என்பார். எங்கள் அப்பன் பேசுகிற அதே பேச்சு. அதே வூடு, அதே சோறு. சூப்பர்வைசர் முதல் எல்லாரும் சிரித்துக்கொண்டே இணைப்பார்கள். மண்ணின் மணம் என்று மெச்சுவார்கள். அவர் வூடு என்றால் வட்டார வழக்கு. எங்கள் அப்பன் வூடு என்றால் அது எங்கள் தெரு. சொல் ஒன்றுதான். அவருடைய சொல்லுக்குப் பின்னால் நிலம் இருந்தது. கெஞ்சல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் உச்சரிப்பு என்பது நாக்கில் இல்லை, பட்டாவில் இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. பெயர் வேண்டாம். அங்கே ஆபீசில் ஒரு போன். ஒரு தடவை அதன் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் எங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கத்தினார். தான் இல்லாத நேரத்தில் ஆட்கள் போனை எடுத்துப் பேசிவிடுகிறார்களாம். பில் ஏறுகிறதாம். சூப்பர்வைசர் எங்களிடம் வந்து, குவாரியிலிருந்து கூப்பிட்டால் ஆபீசர் குரலாக இருந்தால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார் இன்ஜினியர், அப்படியே செய்யுங்கள் என்றார். எழுத்தில் இல்லை, வாயால் சொன்னதுதான். ஆபீசர் குரல் என்றால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

ஒரு முற்பகல். என் பக்கத்து இருக்கையில் வசந்தா. நல்ல பெண். என் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். குவாரியின் தகடு விழுந்தது. அவள் எடுத்தாள். அந்தக் குரல் அவள் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. கல் சரிந்து ஒரு ஆள் அடியில் கிடக்கிறான், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கொடு என்று கத்தியது. வசந்தா, 'யாருய்யா நீ? ஐயா இருந்தா அவரைப் பேசச் சொல்லு' என்றாள். ஐயா திருச்சிக்குப் போய்விட்டார் என்றது குரல். 'அப்படின்னா போனை வை' என்று கயிற்றை உருவினாள். மறுபடி தகடு விழுந்தது. மறுபடி அதே குரல், இப்போது அழுகையும் சேர்ந்து. குடித்துவிட்டு விளையாடுகிறான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மறுபடி உருவினாள். நான் எடுக்கிறேன் என்று சொல்வதற்குள் அவளுக்குத் திருச்சியிலிருந்து வெளியூர் டிரங்க் கால் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை தகடு விழுந்தபோது நான் எடுத்தேன்.

"எக்ஸ்சேஞ்ச்?" என்றது ஒரு கனத்த குரல். பிறகு சும்மா இருந்தது. அந்தச் சொத்துள்ள சும்மா. நான் 'எஸ் சார்' என்றேன். "ஜி.எச். கொடுங்க. க்விக்."

கொடுத்தேன். என் கை என்னைக் கேட்கவில்லை. இணைப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க நாங்கள் கொஞ்சம் காது கொடுப்பது வழக்கம். கொடுத்தேன். "குவாரியில ஆக்சிடென்ட். ஒரு ஆள் சீரியஸ். வண்டி அனுப்புங்க, உடனே." ஆஸ்பத்திரிக்காரர் யார் பேசுவது என்று கேட்டார். "குவாரி ஆபீஸ்" என்றது குரல். இதோ அனுப்புகிறேன் சார் என்று அவர் வைத்துவிட்டார்.

இந்தப் பக்கம் ரிசீவர் உடனே கீழே போகவில்லை. அதற்குள் அந்த அறையில் யாரிடமோ அதே ஆள் சொன்னது எனக்குக் கேட்டது. "வண்டி வருதுடா. ஓடு. அவனுக்குத் தண்ணி கிண்ணி குடுத்துறாதீங்கடா. பக்கத்துலயே ஒக்காந்து பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருங்க."

எனக்குக் குன்னம் தாண்டுகிற பஸ் நினைவுக்கு வந்தது. ஒரே மூச்சில், ஒரே தொண்டையில், அவர் ஆபீசர் குரலிலிருந்து தன் தெருவுக்கு இறங்கிவிட்டார். முதல் இரண்டு தடவை கத்தி அழுததும் இதே தொண்டைதான். தையல் போட்ட இடம் எனக்குத் தெரிந்தது. அதே ஊசியால் தைக்கப்பட்டவள் நான்.

வண்டி போயிற்று. ஆள் பிழைத்தான். ஒரு கால் போயிற்று. இரண்டு தடவை நாங்கள் கயிற்றை உருவாமல் இருந்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது வேறு. இன்ஜினியரே பேசினார் என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். விபத்தை விசாரிக்க வந்தவர்கள், நீங்கள் இருக்கும்போதே இப்படி எப்படி நடந்தது என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அன்று திருச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். லீவு சொல்லாமல் போயிருந்தார். அப்படியானால் பேசியது யார் என்று தோண்டி, பழி எல்லாம் ஆபீஸ் அட்டெண்டர் மேல் பாய்ந்தது. பெயர் தங்கராசு. கல் உடைக்கிற குடும்பத்திலிருந்து ஆபீசுக்குள் காலடி வைத்த முதல் ஆள். அதிகாரி மாதிரி வேஷம் போட்டுப் பேசினார், ஆகவே வேலை நீக்கம் என்று கம்பெனி முடிவுக்கு வந்துவிட்டது. சடங்குக்கு ஒரு விசாரணை. சாட்சி, அழைப்பை இணைத்த நான்.

சூப்பர்வைசர் என்னை அனுப்பும்போது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, நம்ம பக்கத்து விஷயம் எதையும் எடுக்காதே என்றார். சரி சார் என்றேன்.

குவாரி ஆபீஸ். சென்னையிலிருந்து வந்த, ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் நாற்காலியில். பக்கத்தில் இன்ஜினியர். எனக்கும் நாற்காலி போட்டார்கள், என் குரலுக்கு. தங்கராசு நின்றார். நாற்பது இருக்கும். காக்கிச் சட்டையின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

பேசியது இன்ஜினியர் குரல் மாதிரி இருந்ததா என்று ஆபீசர் என்னைக் கேட்டார். இருந்தது என்றேன். இன்ஜினியர் என்று சொன்னாரா என்றார். இல்லை, யார் என்று கேட்டதற்குக் குவாரி ஆபீஸ் என்றுதான் சொன்னார் என்றேன். பெயர் சொல்லவில்லை, பதவி சொல்லவில்லை. ஒரு பொய் சொல்லவில்லை என்றேன். ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஏன் அப்படிப் பேச வேண்டும் என்று தங்கராசுவைப் பார்த்துக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

"எங்கே, அன்னைக்குப் பேசின மாதிரி பேசிக் காட்டு" என்றார் ஆபீசர்.

இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜன்னல் பக்கம் நின்ற கிளார்க்குகள் சிரித்தார்கள். பல குரல் பேசும் ஆளைத் திருவிழாவில் மேடையேற்றிக் கேட்பது போலக் கேட்டார்கள். தங்கராசு வாயைத் திறந்தார். மூடினார்.

"வர்லீங்க ஐயா" என்றார்.

"அன்னைக்கு வந்துச்சே?"

"அன்னைக்கு ஆளு சாவக் கெடந்தானுங்க."

அப்போதும் ஒரு கிளார்க் சிரித்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, பிள்ளைகளே, அது தங்கராசு சொன்ன விஷயத்துக்கு வந்த சிரிப்பு இல்லை. 'சாவக் கெடந்தானுங்க' என்ற ஓசைக்கு வந்த சிரிப்பு. ஒரு மனிதன் சாகக் கிடந்தான் என்ற செய்தி அவர்கள் காதுக்குள் போகவே இல்லை. ஓசை வாசலிலேயே நிறுத்தப்பட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லப்பட்டது.

"நான் பேசிக் காட்டறேன் சார்" என்றேன். "மூணாவது தடவை பேசினது ஒங்களுக்குத் தெரியும். மொதல் ரெண்டு தடவை பேசினது தெரியாது."

எக்ஸ்சேஞ்ச் குரலைக் கழற்றி வைத்தேன். வசந்தாவின் ஹெட்செட்டைத் தாண்டி எனக்குக் கேட்டதை, கேட்ட மாதிரியே, எங்கள் தெருவின் வாயால் சொன்னேன்.

"யம்மா, கல்லு சரிஞ்சிபோச்சும்மா. ஆளு அடியில கெடக்குறாம்மா. ஆசுபத்திரிக்கு ஒரு போனப் போட்டுக் குடும்மா. ஐயா இல்லம்மா, திருச்சிக்குப் போயிட்டாரு. வச்சிறாத தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும், வச்சிறாத."

முதல் வரிக்குச் சிரித்தார்கள். நன்றாக மிமிக்ரி செய்கிறாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வரியில் சிரிப்பு தடுமாறியது. போலியாகப் பேசினால் எங்கேயாவது கொஞ்சம் மிகையாக இருக்கும். என் பேச்சில் அது இல்லை. முடித்தபோது தங்கராசு முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ரெண்டு தடவை லைனைப் புடுங்கினோம்" என்றேன். "ஆபீசர் குரலா இருந்தா மட்டும் குடுன்னு இந்த இன்ஜினியர் சார்தான் சொல்லி வச்சிருந்தார். தங்கராசு அதைத்தான் குடுத்தார். நீங்க கேட்ட குரலைக் குடுத்ததுக்கு வேலையைப் புடுங்குறீங்க. கவர்மென்ட் லேபர் ஆபீசர் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

பர்சனல் ஆபீசர் பேனாவை மூடினார். பிறகு கேட்டார், எந்த ஊர் என்று.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கம் என்றேன்.

"அங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் அத்தனை பென்சில் தட்டு வாங்கியிருந்தேன். ஒரு நிமிஷப் பேச்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. கால் போனவனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நான் எந்தத் தெரு என்பதில்தான் அவருடைய விசாரணை மொத்தமும் இருந்தது.

"நீங்க நெனைக்கிற தெருதான்" என்றேன்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். தங்கராசுவையும். வெளியே சுண்ணாம்புத் தூள் வேலிக்காத்தான் இலைகளிலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். லேபர் ஆபீசர் என்ற சொல் வேலை செய்திருந்தது. வேலை நீக்கம் இல்லை. ஆனால் நாளையிலிருந்து ஆபீசுக்குள் அவருக்கு வேலை கிடையாது. குவாரிப் பள்ளத்தில் வேலை. போனுக்கு மரப்பெட்டி செய்து பூட்டுப் போடுவார்கள். சாவி இன்ஜினியரிடம் இருக்கும். இன்ஜினியருக்கு ஒன்றும் இல்லை. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும் ஒன்றும் இல்லை. நான்தான் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வசந்தா பல நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் குவாரித் தகடு விழுந்தபோது, எனக்கு முன்னால் அவளே பாய்ந்து எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தகட்டை அவள் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. யார் பேசினாலும் முதலில் இணைத்தாள். சூப்பர்வைசர் கேட்டால், லைன் கரகரப்பு சார், குரல் புரியவில்லை என்பாள்.

எனக்கு இதிலிருந்து என்ன பாடம் என்று உங்கள் ஆசிரியர் குழு கேட்டிருந்தது. உங்கள் காதில் ஒரு குரல் விழுந்ததும் உங்கள் விரல் வேகமாகிறதா, மெதுவாகிறதா என்று பாருங்கள். விஷயம் தெரிவதற்கு முன்பே விரல் முடிவு எடுத்துவிட்டால், அந்த விரல் உங்களுடையது இல்லை. வேறு யாரோ உங்கள் கைக்குள் கையை விட்டிருக்கிறார்கள். பிடுங்கிப் போடுங்கள். இதற்கு மேல் எனக்குப் பாடம் சொல்லத் தெரியாது. கோபம்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மெயின் ரோடு வரைக்கும் தங்கராசு என் கூடவே நடந்து வந்தார். வரும்போதெல்லாம் 'வாங்கம்மா', 'பாத்து வாங்கம்மா' என்றுதான் சொன்னார். புளியமரத்தடிக்கு வந்ததும், என் அப்பன் பேரைக் கேட்டார். சொன்னேன். எங்கள் ஊரில் அவருக்குச் சொந்தம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சிலிருந்து 'ங்க' போய்விட்டது. மரியாதை குறைந்து போகவில்லை. நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். அந்தக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். தினம் இன்ஜினியருக்கு டீ வாங்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரைக்கும் டம்ளருக்காக நிற்க வேண்டுமாம். நின்ற நேரத்தில் காதில் ஒட்டிக்கொண்டதாம். எடுத்துப் பேசிப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தானாம்.

தூரத்தில் அரியலூர் பஸ்ஸின் தூசி தெரிந்தது.

"தங்கச்சி, ஒன்னு கேக்கணும்" என்றார். "பூட்டக்கூட ஒடச்சிப்புடலாம். இன்னொரு நாளு கல்லு சரிஞ்சா, நான் யாரு கொரல்ல பேசறது?"

"ஒங்க கொரல்லயே பேசுங்கண்ணே. நான் எடுக்குறேன்."

பஸ் வந்து நின்றது. ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, சத்தம் போடாமல், மெதுவாகக் கேட்டார்.

"நீ லீவுல இருந்தா?"